டஸ்டர் விட்டுப்போன வரிகள்

கேள்வி: மகள் பத்தாம் கிளாஸ், தமிழ் மீடியம், சித்தூர் தாலுகா, பாலக்காடு. காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. கூடப் படிக்கும் பிள்ளை கணக்கு போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். அழித்த வரி மேலேயே எழுதியிருக்கிறது, சில இடத்தில் சாக்பீஸ் பட்டும் படாமலும் இருக்கிறது. எது இப்போதைய வரி, எது பழையது என்று எப்படிப் பார்த்து நோட்டில் எழுதுவது?

பதில்:

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஏழு வரி இருக்கிறது. ஐந்து வரி உயிரோடு இருக்கிறது, ஒன்று மாஷ் அழித்துவிட்ட கேள்வி, இன்னொன்று இந்த வகுப்பையே சேராத மலையாள வரி. ஒரே ரூமில் ஒரு பிரியட் மலையாள டிவிஷனும் அடுத்த பிரியட் தமிழ் டிவிஷனும் உட்காரும் பள்ளிகளில் இது சாதாரணம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பல வருஷம் கணக்கு டியூஷன் எடுத்தவன் நான். வராத பிள்ளைகளுக்காக இந்த மாதிரிப் போட்டோக்களை உட்கார்ந்து படியெடுப்பது கூடவே வந்த வேலை.

முதலில் ஒன்று. வெளிச்சமாகத் தெரிவது புதுசு, மங்கலாகத் தெரிவது பழசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், பாதி நேரம் சரியாகவும் வரும். மழைக்காலத்தில் அது கவிழ்த்துவிடும். மாஷ் ஈரத்துணியால் போர்டைத் துடைத்துவிட்டு, காய்வதற்குள் எழுத ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். எழுதும்போது கோடு சரியாகத் தெரியாது. காய்ந்த பிறகு பளிச்சென்று வெள்ளையாக வரும். ஈரத்தில் எழுதியது போர்டில் ஒட்டிக்கொண்டு விடுவதால் பிறகு காய்ந்த டஸ்டரால் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அப்படி மிஞ்சிய பழைய வரி, தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டால் மெதுவாக எழுதிய புது வரியைவிட வெளிச்சமாக நிற்கும். உங்கள் படத்தில் மேலே இருக்கும் 7, 11, 15 அப்படி நிற்பதுதான்.

அப்படியானால் எதை நம்புவது? கோட்டின் உடம்பைப் பாருங்கள். போர்டு பார்க்க வழவழப்பாக இருந்தாலும் அதில் நுண்ணிய மேடும் பள்ளமும் உண்டு. சாக்பீஸ் இழுக்கும்போது பொடி மேட்டில் ஒட்டும், பள்ளம் கறுப்பாகவே விடுபடும். அதனால் புதிதாக எழுதிய கோட்டைப் பெரிதாக்கினால் வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரியும், ஓரம் சொரசொரவென்று இருக்கும். டஸ்டர் போட்டதும் நடப்பது இதற்கு நேர் எதிர். மேட்டில் இருந்த பொடி போய்விடும், அதில் கொஞ்சம் பள்ளத்துக்குள் அமுங்கும். எனவே அழித்த கோடு புள்ளியில்லாமல், கஞ்சித் தண்ணீர் காய்ந்த கறை மாதிரி ஒரே சாம்பலாக இருக்கும். ஓரமும் டஸ்டர் போன திசையில் இழுபட்டிருக்கும்.

இந்தப் புள்ளி தெரிய வேண்டுமானால் படம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், முதலில் போவது இந்த நுண்ணிய புள்ளிதான். அந்தப் பிள்ளையிடம் அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வேறு கோணத்தில் எடுத்தது இருந்தால் அதையும் கேளுங்கள். நீங்கள் போட்ட படத்தில் நடுவில் ஜன்னல் வெளிச்சம் அடித்து ஒரு திட்டு விழுந்திருக்கிறது, அந்த இடத்தில் எந்த வித்தையும் பலிக்காது. இரண்டு அடி தள்ளி நின்று எடுத்த இன்னொரு படத்தில் திட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது சாட்சி, டஸ்டர் போன தடம். டஸ்டர் ஒரு இழுப்பில் போனால் அதன் அகலத்துக்கு ஒரு பட்டை தெரியும். உங்கள் படத்தில் மேல் இடது மூலையிலிருந்து வலது பக்கம் சரிவாக மூன்று பட்டைகள் போகின்றன. பழைய வரியின் எழுத்துகள் அந்தப் பட்டைக்குள் மங்கி, பட்டைக்கு வெளியே தெளிகின்றன. புது வரியோ பட்டையைக் கண்டுகொள்ளாமல் மேலேயே போகிறது. ஒரு எழுத்தின் பாதி பட்டையில் மாட்டி மங்கியிருந்தால் அந்த எழுத்து டஸ்டருக்கு முன்னால் வந்தது, சந்தேகமே வேண்டாம். அந்த மூன்று பட்டையை விரலால் தொட்டுக்கொண்டு போனாலே இந்த போர்டின் முக்கால் பங்கு பிரிந்துவிடும்.

இப்போது போனில் என்ன செய்வது என்று பார்ப்போம். பெரும்பாலானவர்கள் டாக்குமெண்ட் ஸ்கேன் செய்யும் ஆப்பில் போட்டு 'கறுப்பு வெள்ளை' ஆக்குவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரு அளவுக்கு மேல் வெளிச்சமானதெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று அது வெட்டிவிடும். அளவைத் தாண்டிய பழைய கறையும் புது எழுத்தும் ஒரே வெள்ளையாகிவிடும், தாண்டாத மெல்லிய புது எழுத்து காணாமல் போகும். நமக்கு வேண்டிய வித்தியாசத்தையே தூக்கி எறிந்த மாதிரி. நான் இதை இரண்டு நடையாகச் செய்வேன். போட்டோ எடிட்டரில் கறுப்பு அளவை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் கறைகள் ஒவ்வொன்றாக அமுங்கும். எதெல்லாம் கடைசிவரை நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொள்வேன். அப்புறம் மறுபடி ஒரிஜினலைத் திறந்து, இந்தத் தடவை வெளிச்சத்தை ஏற்றி, அமுங்கிப்போனவற்றில் என்னென்ன இருந்தது என்று படிப்பேன். முதல் நடையில் தப்பித்த பழைய வரியும், அதில் தொலைந்த மெல்லிய புது வரியும் இந்த இரண்டாம் நடையில், புள்ளியும் பட்டையும் பார்க்கும்போது பிடிபடும்.

கம்ப்யூட்டர் இருந்தால் நிறத்தைப் பிரிப்பது இன்னும் உதவும். உங்கள் போர்டு பச்சை. பச்சை போர்டு சிவப்புச் சேனலில் நன்றாக இருண்டுவிடும், வெள்ளைச் சாக்பீஸ் தனியாக எழும்பும். மாஷ் மஞ்சள் சாக்பீஸும் வைத்திருக்கிறார், விடைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறாரே. மஞ்சள் நீலச் சேனலில் மங்கும், வெள்ளை அப்படியே நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எந்தச் சாக்பீஸ் என்று தெரிந்துவிடும். இமேஜ்மேஜிக் போட்டிருந்தால் இரண்டு வரி போதும்:

```
magick board.jpg -channel R -separate red.png
magick board.jpg -channel B -separate blue.png
```

கறுப்பு போர்டாக இருந்தால் சிவப்புச் சேனலில் பெரிய லாபம் இல்லை.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். நடுவில் இருக்கும் நான்கு வரி ஒரே கணக்கு, 7இல் ஆரம்பித்து நான்கு நான்காக ஏறும் தொடரின் உறுப்புகளைக் கூட்டுவது. அதில் எனக்கு நான்கு இடத்தில் சந்தேகம் வந்தது.

முதல் சந்தேகம், பொது வித்தியாசத்தை எழுதியிருக்கும் `d = 4` என்ற இடம். 4க்கு முன்னால் ஒரு படுக்கைக் கோடு தெரிகிறது, அவசரமாகப் பார்த்தால் −4 என்று படிக்கத் தோன்றும். அதே வரியில் `11 − 7` என்று மாஷ் எழுதிய உண்மையான கழித்தல் குறி ஒன்று இருக்கிறது, அதோடு ஒப்பிட்டேன். அவருடைய கழித்தல் குறி இடது முனையில் அழுத்தமான ஒரு புள்ளியோடு ஆரம்பித்து, கொஞ்சம் மேல்நோக்கிப் போய் மெலிந்து முடிகிறது. சாக்பீஸை வைத்து இழுத்தவருடைய கை அது. 4க்கு முன்னால் இருப்பதற்கு ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை, இரண்டு முனையும் டஸ்டர் பட்டையின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. உள்ளே புள்ளியும் இல்லை. ஏதோ பழைய எழுத்தின் அடிக்கோடு, அவ்வளவுதான். ஆகவே 4.

இரண்டாவது, மூன்றாம் வரியின் தொடக்கம். '20ஆம் உறுப்பு' என்பது பார்க்க '200ஆம் உறுப்பு' போல இருக்கிறது. இந்தக் கடைசி வட்டம்தான் அந்த மலையாள வரியின் மிச்சம். மலையாளத்தில் 'அம்' என்று முடியும் சொல்லுக்குக் கடைசியில் சின்ன வட்டம் போடுவார்கள் அல்லவா, அனுஸ்வாரம், அது. சுற்றியுள்ள எழுத்தெல்லாம் அழிந்தும் இந்தச் சின்ன வட்டம் மட்டும் பிழைத்துக்கிடக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் விழுந்தால் பூஜ்ஜியம், கோணத்துக்கு மேலே விழுந்தால் பாகைக் குறி, தமிழ் எழுத்துக்கு மேலே விழுந்தால் மெய்யெழுத்துப் புள்ளி! எங்கள் எல்லைப்பக்கத்துப் போர்டுகளுக்கே உரிய தொல்லை இது. உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மாஷுடைய பூஜ்ஜியம் 2இன் உயரத்துக்கு நீளவாட்டில் நிற்கிறது. இந்த வட்டம் பாதி உயரம்கூட இல்லை, வரியின் அடியில் ஒட்டிக் கிடக்கிறது.

மூன்றாவது, அதே வரியில் `7 + 19 × 4`. இங்கே 9இன் மேல் வளையம் பாதிதான் விழுந்திருக்கிறது. சாக்பீஸைப் போர்டுக்கு அதிகம் செங்குத்தாகப் பிடித்தால் அது தத்தித் தத்திப் போகும். கீச்சென்று சத்தம் வருமே, அப்போதுதான். கோடு தொடர்ச்சியாக விழாமல் புள்ளி புள்ளியாக விழும். அந்த 9 அப்படி, 1 என்றோ 4 என்றோகூட எடுக்கலாம். இதற்குக் கோட்டைப் பார்த்துப் பயனில்லை, கணக்கைக் கேட்க வேண்டும். அடுத்த வரியில் `7 + 76` என்று பளிச்சென்று இருக்கிறது. 4ஆல் பெருக்கி 76 வர வேண்டுமானால் 19. 11 என்றால் 44, 14 என்றால் 56. எனவே 19. அது 19 என்றால் அதற்கு ஒன்று கூட, 20ஆம் உறுப்பு. வட்டத்தின் உயரத்தை வைத்து நான் சொன்னதை இது தனியாக வந்து உறுதி செய்கிறது.

நான்காவது, அந்த `7 + 76`க்கு விடையாக வரும் 83. 8இன் இடது பக்கம் முழுசாக விழவில்லை, 33 போலத் தெரிகிறது. கூட்டிப் பார்த்தால் 83. கடைசி வரியில் `(7 + 83)` என்று திரும்ப எழுதியிருப்பதில் 8 தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். கணக்கைக் கேட்பது, படத்தில் தெரியும் இரண்டு மூன்று வாசிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். படத்தில் இல்லாததை உண்டாக்க அல்ல. ஒரு தடவை நான் இதில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு போர்டில் ஒரு விடை சந்தேகமே இல்லாமல் 81 என்று இருந்தது, கணக்குப்படி 83 வர வேண்டும். டீச்சர் கை தவறிவிட்டது என்று நினைத்து நான் 83 என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அது 'தப்பு எங்கே இருக்கிறது, கண்டுபிடி' என்று டீச்சர் வேண்டுமென்றே போட்டது. அந்தப் பையன் கொண்டுபோன நோட்டில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. அதிலிருந்து, தெளிவாக இருப்பது தப்பாக இருந்தாலும் அப்படியே எழுதி, பக்கத்தில் என் சந்தேகத்தைத் தனியாகக் குறித்துவிடுவேன்.

இனி மேல் வரி. இதுதான் உங்கள் படத்திலேயே சிக்கலான இடம், ஏனென்றால் அங்கே இரண்டு தமிழ் வரி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. புள்ளியுள்ள, ஓரம் சொரசொரப்பான வரி: 'வீட்டுக்கணக்கு: 5, 8, 11, … முதல் 30 உறுப்புகளின் கூடுதல்'. அதற்கு அடியில் சாம்பலாக: '7, 11, 15, … முதல் 20 உறுப்புகளின் கூடுதல்'. பாடம் முடிந்ததும் மாஷ் கேள்வியை மட்டும் இரண்டு மூன்று இழுப்பில் அழித்துவிட்டு, அந்த இடத்திலேயே வீட்டுக்கணக்கைப் போட்டிருக்கிறார். கீழே உள்ள நான்கு வரிக்கும் உரிய கேள்வி இப்போது அந்தச் சாம்பலில் மட்டும்தான் இருக்கிறது. கறை என்று தள்ளிவிட்டால் உங்கள் மகள் வீட்டுக்கணக்குக்கு அடியில் இந்த நான்கு வரியை எழுதிவைத்துவிட்டு, 5இல் ஆரம்பிக்கும் தொடருக்கு ஏன் 7 என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வாள்.

அழிந்த வரி இந்த வகுப்பைச் சேர்ந்ததா, முந்தின பிரியடைச் சேர்ந்ததா என்று எப்படிச் சொல்வது? மலையாள வரி என்றால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் வரி என்றால் கையைப் பாருங்கள். இந்த மாஷ் 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுகிறார். கீழே உயிரோடு இருக்கும் நான்கு வரியிலும் அது இருக்கிறது, அழிந்த வரியின் 7இலும் இருக்கிறது. வரி வலது பக்கம் போகப் போகக் கொஞ்சம் ஏறுவதும் இரண்டிலும் ஒரே மாதிரி. அதோடு 7, 11, 15 என்பதற்குப் பொது வித்தியாசம் 4, கீழே `d = 4`. இனி வேறு சாட்சி தேவையில்லை. அந்த 20ஐ மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதன் மேலேயே வீட்டுக்கணக்கின் 30 விழுந்திருப்பதால் இரண்டும் கலந்து 80 மாதிரி ஒன்று தெரியும். 3இன் கோடு எங்கே குறுக்கே போகிறதோ அங்கே சாம்பல் மறைகிறது, அதாவது 3 மேலே இருக்கிறது. அடியில் 2இன் தட்டையான கால் மட்டும் வெளியே நீண்டிருக்கிறது.

தமிழ்ச் சொற்களில் இவ்வளவு பாடு இல்லை, வாக்கியமே கைகொடுக்கும். புள்ளிகளில் மட்டும் கவனம் தேவை. மெய்யெழுத்துப் புள்ளியைப் பலரும் சாக்பீஸால் ஒரு குத்து குத்திவிட்டுப் போவார்கள். குத்திய இடம் அழுத்தமாக இருக்கும், சில சமயம் அடியில் பொடி சிந்திய தாரையும் தெரியும். சும்மா தெறித்த பொடிக்கு அந்த அழுத்தம் இருக்காது. உங்கள் படத்தில் 'கூடுதல்' என்பதில் லகரத்துக்கு மேல் புள்ளியே விழவில்லை. நோட்டில் புள்ளி வைத்து எழுதுவதில் தப்பில்லை, அது கணக்கை மாற்றாது. இலக்கணப் பாடத்துப் போர்டாக இருந்தால் நான் வைக்க மாட்டேன்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதியது இது. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது அழித்திருந்தது, கேள்விக்குறி போட்ட இடம் கோட்டை மட்டும் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாமல் கணக்கை வைத்து முடிவு செய்தது:

```
[அழித்தது: 7, 11, 15, … முதல் 20 உறுப்புகளின் கூடுதல்]
d = 11 − 7,  d = 4
20ஆம் உறுப்பு = 7 + 19(?) × 4
             = 7 + 76 = 83(?)
கூடுதல் = 20/2 × (7 + 83) = 10 × 90 = 900
வீட்டுக்கணக்கு: 5, 8, 11, … முதல் 30 உறுப்புகளின் கூடுதல்
```

மலையாள வரியை விட்டுவிட்டேன். அதில் மூன்று எழுத்துக்கு மேல் படிக்க முடியவில்லை, நமக்கு வேண்டியதும் இல்லை.

முடிந்தால் கூடப் படிக்கும் பிள்ளையின் நோட்டோடு ஒத்துப்பாருங்கள், ஆனால் நீங்கள் படத்திலிருந்து எழுதி முடித்த பிறகு. முன்னாலேயே பார்த்துவிட்டால் கண் அதையேதான் படத்திலும் பார்க்கும். நோட்டில் 200 என்று இருந்தால் அந்தச் சின்ன வட்டம் உங்களுக்கும் பூஜ்ஜியமாகவே தெரியும். அந்தப் பிள்ளையும் கடைசி பெஞ்சிலிருந்து இதே போர்டைத்தானே பார்த்து எழுதியிருக்கிறாள். இரண்டும் எங்காவது வேறுபட்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு மாஷிடமே கேட்கச் சொல்லுங்கள்.